ஒயிட்போர்டு படம் காணாமல் போனால்: பலகையில் மிஞ்சியதைத் தட்டச்சுக் குறிப்பாக்குவது

பாடம் முடிந்ததும் பலகையைப் படமெடுத்தாயிற்று, இனி எழுத வேண்டாம் என்று நோட்டை மூடியாயிற்று. மறுநாள் பார்த்தால் போனில் படம் இல்லை. பலகையிலோ டஸ்டர் ஒரு சுற்று ஓடியிருக்கிறது. எந்த நிலையில் மாட்டியிருக்கிறீர்களோ அந்தத் தலைப்பிலிருந்து படித்தால் போதும்.

எடுத்துக்காட்டாகப் பத்தாம் வகுப்பு இயற்பியல் பலகை ஒன்றை வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் ஓம் விதியும் தொடர், பக்க இணைப்புச் சூத்திரங்களும். நடுவில் ஒரு மின்சுற்று. வலப்பக்கம் மேலே அந்தச் சுற்றுக்கான கணக்கு, கீழ் மூலையில் உள்ளங்கை அளவு V–I வரைபடம். டஸ்டர் நடுவில் குறுக்காக ஒருமுறை போயிருக்கிறது.

## படம் கேலரியில் இல்லை

பலகையைத் தொடுவதற்கு முன் அதன் மேல் "அழிக்க வேண்டாம்" என்று ஒரு தாளை ஒட்டுங்கள். அடுத்த வகுப்புக்கு வருபவர் முதலில் கையில் எடுப்பது டஸ்டரைத்தான். பிறகு போனில் ஐந்து நிமிடம் தேடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்றுதான். முதலாவது குப்பைத்தொட்டி. கூகுள் போட்டோஸில் காப்புப் பிரதி எடுக்கப்பட்ட படம் அழிந்தால் 60 நாள் தொட்டியில் இருக்கும். காப்பு எடுக்காத படத்துக்கு 30 நாள். ஐபோனிலும் சமீபத்தில் அழித்தவற்றின் ஆல்பத்தில் 30 நாள் கிடக்கும். இரண்டாவது வேறு கணக்கு: ஒரே போனில் வீட்டார் கணக்கும் இருந்தால், படம் அந்தக் கணக்கின் மேகச் சேமிப்பில் ஏறியிருக்கலாம். மூன்றாவது வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டில் நீங்கள் யாருக்காவது அனுப்பிய படத்தின் பிரதி தனிக் கோப்புறையில் விழும். அது கேலரியில் தெரியாது, கோப்பு மேலாளரில் போய்ப் பார்க்க வேண்டும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images/Sent
```

சுருக்கப்பட்ட படமாக இருந்தாலும் பலகை எழுத்தைப் படிக்க அது போதும். வகுப்புக் குழுவில் தானாக மறையும் செய்தி இயக்கத்தில் இருந்தால் படம் 24 மணி நேரத்திலோ, 7 நாளிலோ, 90 நாளிலோ உரையாடலிலிருந்து போய்விடும். ஆனால் அதற்குள் இறக்கிக்கொண்டவர்களின் கேலரியில் பிரதி இருக்கக்கூடும். ஆகவே குழுவில் "படம் இருக்கா?" என்று கேட்பதைவிட, "கேலரியில் தேடிப் பாருங்கள்" என்று கேளுங்கள். பலரும் உரையாடலை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

## படம் கிடைக்கவில்லை, பலகையில் பாதி அழிந்திருக்கிறது

மிஞ்சியதை உடனே மறுபடி படமெடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பலகை நடுவில் வெள்ளை வட்டம் விழுந்து அடியிலிருப்பதை விழுங்கிவிடும். நேர் எதிரே நிற்காமல் சற்று ஒதுங்கி நின்று, இடப்பாதி ஒன்று, வலப்பாதி ஒன்று, நடுவில் கொஞ்சம் மேற்பொருந்தும்படி இரண்டு படம் போதும். வகுப்பறையில் மாணவர் போன் வைத்திருக்க அனுமதியில்லாத பள்ளியில் ஆசிரியரிடம் கேட்க வேண்டியிருக்கும், அல்லது கையால் பெயர்க்க வேண்டியிருக்கும். கீழே வருவது முக்கியமாகக் கையால் பெயர்ப்பவர்களுக்கு.

டஸ்டர் போன இடத்தில் எல்லாமே போய்விடுவதில்லை. ஒயிட்போர்டு மார்க்கர் மையில் நிறமியோடு, அது பலகையில் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் எண்ணெய்ப்பசை போன்ற பொருளும் இருக்கிறது. புதுப் பலகையில் டஸ்டர் பட்டதும் மை முழுதாக உரிந்து வரும். பூச்சு தேய்ந்த பழைய பலகையில் நிறமி நுண்ணிய கீறல்களுக்குள் தங்கி நிழலாக நிற்கும். வழக்கமாக எரிச்சலூட்டும் அந்தக் கறைதான் இன்றைக்கு உங்களுக்கு உதவப் போகிறது.

நிழலைப் படிக்க இரண்டு நிலைகளை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒன்று, ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கு வரும் கோணம். சுத்தமான பலகை பளபளக்கும். மை படிந்த கோடு அந்தப் பளபளப்பில் மங்கலாகத் தெரியும். இன்னொன்று, விளக்கை அணைத்து, டார்ச்சைப் பலகையின் ஓரத்தில் கிட்டத்தட்ட ஒட்டினாற்போல வைத்துப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சுவது. முதல் கோணத்தில் தெரியாத எழுத்து சிலசமயம் இரண்டாவதில் தெரியும்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள்: மங்கலாகத் தெரியும் கோட்டின் மேல் மார்க்கரால் எழுதித் தெளிவாக்கப் பார்ப்பது. புதிய மையில் இருக்கும் கரைப்பான் அடியிலுள்ள பழைய மையையும் இளக்கிவிடும், துடைத்தால் இரண்டும் சேர்ந்து போகும். பலகையில் விடாப்பிடியாக ஒட்டிய மையை எடுப்பதற்கே பலர் கையாளும் உத்தி அது.

## முந்தைய வகுப்பின் எழுத்தும் கலந்து தெரிகிறது

நிழல் எழுத்தின் பெரிய தொல்லை இதுதான். நேற்றைய தமிழ் இலக்கணமும் இன்றைய மின்னோட்டமும் ஒரே இடத்தில் மங்கலாகத் தெரியும். பிரிப்பதற்கு வார்த்தையைப் பார்க்காதீர்கள், வரியின் சாய்வைப் பாருங்கள். ஒவ்வொரு ஆசிரியரின் வரியும் வலப்பக்கம் போகப் போக ஏறும் அல்லது இறங்கும், அந்தச் சாய்வு பலகை முழுக்க ஏறத்தாழ மாறாது. இன்னும் அழியாமல் நிற்கும் வரியின் சாய்வோடும் எழுத்தளவோடும் ஒத்துப்போகாத நிழல் இன்றைய பாடமாக இருக்க வாய்ப்பு குறைவு. அழியாத வரியின் அடியில் புகுந்து மறுபக்கம் வெளிவரும் நிழல், அந்த வரிக்கு முன்பே எழுதப்பட்டது, அதை விட்டுவிடலாம்.

## வார்த்தையெல்லாம் கிடைத்தது, எங்கே எது இருந்தது என்று தெரியவில்லை

பலகையை நேரே கணினியில் பெயர்ப்பவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் வரும். படம் எழுத்தை மட்டும் காப்பாற்றுவதில்லை, இடத்தையும் காப்பாற்றுகிறது. தட்டச்சில் இடம் கிடையாது. ஒன்றின் கீழ் ஒன்று மட்டும்தான். அதனால் இடையில் ஒரு தாள் கட்டாயம் வேண்டும்.

ஏ4 தாளைப் படுக்கைவாக்கில் வைத்து மூன்றுமுறை பாதியாக மடித்துப் பிரித்தால், நான்கு பத்தி, இரண்டு வரிசை என்று எட்டுக் கட்டங்கள் வரும்படி செய்யலாம். எட்டடி அகலம், நாலடி உயரமுள்ள பலகையென்றால் ஒரு கட்டம் இரண்டடிச் சதுரத்துக்குச் சமம். பலகையின் விளிம்பில் இரண்டடிக்கு ஒரு துண்டு ஒட்டுத்தாள் வைத்துவிட்டால் கட்டம் மாறாது.

முதல் சுற்றில் எழுத்தே எழுதாதீர்கள். எந்தக் கட்டத்தில் வாக்கியம், எதில் படம், எதில் கணக்கு, எந்தக் கோடு எங்கிருந்து எங்கே போகிறது, எது பெட்டிக்குள், எது சிவப்பு என்பதை மட்டும் குறியுங்கள். பத்து நிமிடம் பிடிக்கும். இரண்டாவது சுற்றில் வார்த்தைகளையும் எண்களையும் நிரப்புங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், வார்த்தைகளை எழுதிமுடித்த நிம்மதியில் அம்புக்குறிகள் விட்டுப்போகும். சொல் தப்பினால் பாடநூலில் தேடலாம். சூத்திரத்திலிருந்து கணக்கின் எந்த வரிக்கு அம்பு போனது என்பது எந்தப் பாடநூலிலும் இருக்காது.

எது முதலில் எழுதப்பட்டது என்ற வரிசையும் தாளில் தெரிய வேண்டும், ஏனென்றால் குறிப்பின் எண்வரிசை அதுதான். இடமிருந்து வலம் என்பது பொதுவாகச் சரி, ஆனால் மூலைகள் ஏமாற்றும். ஒரு எளிய அடையாளம்: நெருக்கியடித்துக்கொண்டு இருப்பது பின்னால் வந்தது. மின்சுற்றைச் சுற்றி வளைந்து போகும் வரி, மின்சுற்றுக்குப் பிறகு எழுதப்பட்டது. நம் பலகையில் V–I வரைபடம் மூலையில் ஒடுங்கி நிற்பதால் அது கணக்குக்குப் பிறகு, அனேகமாக யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்தது. குறிப்பில் அதற்குக் கடைசி எண்.

## ஒரு எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை

மார்க்கரின் 3-க்கும் 8-க்கும் இடப்பக்க வளைவு மட்டும்தான் வேறுபாடு. டஸ்டர் முதலில் தின்பது அதைத்தான். 1-ம் 7-ம், 5-ம் 6-ம் இதே வகை. இயற்பியல், கணக்குப் பலகைகளில் எண்ணைக் கண்ணால் முடிவுசெய்ய வேண்டியதில்லை, கணக்கே சொல்லும்.

நம் சுற்றில் 12 V மின்கலம், R1 = 4 Ω, அதற்குத் தொடராக ஒரு பக்க இணைப்பு: R2 = 6 Ω, R3 = 3 அல்லது 8. கணக்குப் பகுதியில் இடை வரிகள் அழிந்துவிட்டன, ஆனால் கடைசி வரியில் I = 2 A என்பது பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். 12 V-ஐ 2 A-ஆல் வகுத்தால் தொகுபயன் மின்தடை 6 Ω. அதில் R1-இன் 4 Ω போக, பக்க இணைப்புக்கு 2 Ω. அப்படியென்றால்:

```
1/R3 = 1/2 − 1/6 = 1/3
R3 = 3 Ω
```

எதிர்ச் சோதனையும் போடுங்கள். R3 எட்டாக இருந்திருந்தால் பக்க இணைப்பு 48/14, அதாவது சுமார் 3.43 Ω, மொத்தம் 7.43 Ω, மின்னோட்டம் சுமார் 1.6 A. பெட்டிக்குள் இருப்பது அதுவல்ல. ஆக, எண் 3.

இந்த முறைக்கு எல்லை உண்டு. R2, R3 இரண்டும் அழிந்திருந்தால் கணக்கு கைவிரித்துவிடும்: 6-ம் 3-ம் சேர்ந்தாலும் 2 Ω, 4-ம் 4-ம் சேர்ந்தாலும் 2 Ω. அப்போது சக மாணவர் நோட்டுதான் வழி. இன்னொன்று, பலகையில் ஆசிரியரே தவறாக எழுதியிருந்தால் இந்த முறை சத்தமில்லாமல் அதைத் திருத்திவிடும், அல்லது தவறைச் சரியென்று காட்டிவிடும். அதனால் கணக்கால் மீட்ட எண்ணைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். கண்ணால் பார்த்தது எது, ஊகித்தது எது என்று பிறகு தெரிய வேண்டும்.

## மின்சுற்றைத் தட்டச்சில் வரைந்தால் கோணிக்கொள்கிறது

கோடும் குறுக்குக்கோடும் வைத்து எழுத்தாலேயே படம் வரைய நினைப்பது இயல்பு. ஆங்கில எழுத்துக்கு அது நடக்கும், ஏனென்றால் சம அகல எழுத்துருவில் எல்லா எழுத்தும் ஒரே அகலம். தமிழில் 'ர' ஒரு அகலம், 'ணௌ' இன்னொரு அகலம். படத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் நுழைந்தாலும் அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லாக் கோடும் நகர்ந்துவிடும். உங்கள் கணினியில் இடைவெளி தட்டிச் சரிசெய்தாலும், அடுத்தவர் போனில் மீண்டும் கலையும்.

மின்சுற்றுக்கு வரைவதைவிட நல்ல வழி இணைப்புப் பட்டியல். கம்பி எங்கெல்லாம் உறுப்பு எதுவும் குறுக்கிடாமல் தொடர்ந்து போகிறதோ, அந்த முழுக் கம்பிக்கும் ஒரே பெயர். எத்தனை மூலையில் வளைந்தாலும் பெயர் மாறாது. ஒரு உறுப்பைத் தாண்டினால்தான் அடுத்த பெயர். மின்கலத்தின் நேர்முனையில் A என்று தொடங்கி, சாவியைத் தாண்டியதும் B, R1-ஐத் தாண்டியதும் C, எதிர்முனைக்குத் திரும்பும் கம்பி D. பிறகு ஒவ்வொரு உறுப்பும் எந்த இரு பெயர்களுக்கு நடுவே இருக்கிறது என்று எழுதினால் முடிந்தது:

```
மின்கலம் 12 V : A(+), D(−)
சாவி : A, B
R1 4 Ω : B, C
R2 6 Ω : C, D
R3 [3] Ω : C, D
வோல்ட்மீட்டர் : B, C
```

R2, R3 இரண்டுக்கும் ஒரே எழுத்து ஜோடி; அதுவே பக்க இணைப்பு என்று சொல்லிவிடுகிறது. வோல்ட்மீட்டர் R1-இன் ஜோடியோடு ஒத்துப்போகிறது, ஆகவே அது அளப்பது R1-இன் மின்னழுத்த வேறுபாட்டை. மின்சுற்று ஒப்புருவாக்க மென்பொருள்கள் படத்தைப் படிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இதில் ஒரு எழுத்துப் பிழை பெரிய பிழை. R3-க்கு 'C, D' என்பதற்குப் பதில் 'B, D' என்று அடித்துவிட்டால், R3 இப்போது R1-ஐயும் R2-வையும் சேர்த்து அவற்றுக்குப் பக்கமாக நிற்கும்: 10 Ω-க்குப் பக்கமாக 3 Ω, தொகுபயன் 2.3 Ω, மின்னோட்டம் 5.2 A. பெட்டிக்குள் உள்ள 2 A-வோடு முட்டுவதால் பிழை வெளியே வந்துவிடும். பலகையில் இரு கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் புள்ளி இருந்ததா என்பதையும் பாருங்கள். புள்ளி இருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர், இல்லாவிட்டால் தனித்தனிப் பெயர். புள்ளி அழிந்திருந்தால் மேலே போட்ட அதே மின்னோட்டக் கணக்கைக் கொண்டு முடிவு செய்யலாம்.

## சிறு வரைபடம் மங்கலாக இருக்கிறது

வரைபடத்தில் காப்பாற்ற வேண்டியது கோட்டின் அழகல்ல. எந்த அச்சில் என்ன, கோடு ஆதிப்புள்ளி வழியே போகிறதா, படிக்க முடிந்த புள்ளிகள் எவை, இவ்வளவுதான். நம் மூலை வரைபடத்தைக் குறிப்பில் இப்படி எழுதலாம்: "கிடை அச்சு I (A), நிலை அச்சு V (V). ஆதிப்புள்ளி வழியே நேர்கோடு. புள்ளிகள்: 1 A-க்கு 4 V, 2 A-க்கு 8 V."

அச்சின் பெயர் அழிந்திருந்தால் சாய்வு உதவும். V நிலை அச்சில் இருந்தால் சாய்வு நேரே மின்தடை, இங்கே 4. அச்சு மாறியிருந்தால் சாய்வு 0.25, அது மின்தடையின் தலைகீழி. பலகையில் வரைபடத்தின் பக்கத்தில் "சாய்வு = 4" என்று மிஞ்சியிருந்தால் அச்சுக் குழப்பம் அங்கேயே தீர்ந்தது. கூடவே இந்த 4, R1-இன் மதிப்போடு பொருந்துவதையும், 2 A-க்கான 8 V வோல்ட்மீட்டர் காட்ட வேண்டிய அளவு என்பதையும் கவனியுங்கள். ஒடுங்கிக் கிடந்த இந்தப் படம் R1-உடையது என்று அதிலிருந்து உறுதியாகிறது.

## தட்டச்சில் எண்வரிசை அறுந்து மறுபடி 1-லிருந்து தொடங்குகிறது

படத்தையோ இணைப்புப் பட்டியலையோ நடுவில் போட Enter தட்டியதுதான் காரணம். புதுப் பத்தி பிறந்ததும் பட்டியல் முடிந்துவிட்டதாக மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் Shift+Enter தட்டினால் அதே எண்ணுக்குள் அடுத்த வரி வரும், வரிசை அறுபடாது. ஒரு படி உள்ளே தள்ள Tab, வெளியே இழுக்க Shift+Tab.

படிகள் இரண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலகையில் அம்பு காட்டிய உறவை மூன்றாம், நான்காம் படியாக்கத் தோன்றும். அம்பு என்பது கிளை அல்ல, "3-ஐப் பார்" என்று எழுதினாலே போதும். நம் பலகை இப்படி வரும்:

```
1. ஓம் விதி: V = IR
2. தொடர்: Rs = R1 + R2
3. பக்கம்: 1/Rp = 1/R1 + 1/R2
4. கணக்கு (படம் 1)
   4.1 Rp = [2] Ω (3-ஐப் பார்)
   4.2 மொத்தம் = 4 + [2] = [6] Ω
   4.3 I = 12/[6] = 2 A
5. R1-இன் V–I வரைபடம் (படம் 2)
```

## அனுப்பிய இடத்தில் 4 Ω, 4 W ஆகிவிட்டது

மின்னியல் குறிப்பில் இது வெறும் எழுத்துப் பிழையல்ல. ஓம் வாட் ஆகிவிட்டது, படிப்பவர் சந்தேகப்படவும் மாட்டார். Symbol என்ற பழைய எழுத்துருவில் W என்ற இடத்தில்தான் Ω வரையப்பட்டிருக்கிறது. எழுத்துரு மாறியதும் அடியிலிருந்த W வெளியே வந்துவிடுகிறது. வேர்டில் 03A9 என்று தட்டி, உடனே Alt+X அழுத்தினால் ஒருங்குறி Ω வரும், அது எங்கும் மாறாது.

தமிழுக்கும் இதே நோய் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த "தமிழ்", அந்த எழுத்துரு இல்லாத போனில் "jkpo;" என்று தெரியும். ஒருங்குறி விசைப்பலகையில் அடித்தால் இந்தப் பேச்சே இல்லை. ஏற்கெனவே அடித்துவிட்டால் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுங்கள், ஆனால் மாற்றியபின் சூத்திரங்களைத் தனியாகச் சரிபாருங்கள். மாற்றிக்குத் தமிழ் எது, R1 எது என்று தெரியாது; V = IR கூடத் தமிழ் எழுத்தாகிவிடும்.

வேர்டு தானாகச் செய்யும் இன்னொரு வேலை: (a), (b) என்று எழுதிக்கொண்டு போய் (c) தட்டியதும் அது © ஆகிவிடும். உடனே Ctrl+Z.

## சில இடங்கள் கடைசிவரை நிரம்பவில்லை

வெற்றிடத்தை வெற்றிடமாக விடாதீர்கள், [?] போட்டுக் கட்டத்தின் பெயரையும் எழுதுங்கள்: "[? மேல் வரிசை, 3-ஆம் கட்டம், R2-க்குப் பக்கத்தில் ஒரு எண்]". பிறகு நோட்டு எழுதிய சக மாணவரிடம் போகும்போது "நேத்து நோட்டைக் குடு" என்று கேட்காமல், அந்த இடத்தைக் காட்டிக் கேளுங்கள். நோட்டு எழுதுபவர்கள் படத்தின் ஓரத்து எண்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், ஆனால் இடத்தைச் சொன்னால் பலருக்கு நினைவு வரும்.

ஆசிரியரிடமும் அப்படியே. "சார், R2 வழியாகப் போற மின்னோட்டம்னு படத்துல எழுதினீங்களே, அது 0.67-ங்களா?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வரும். பக்க இணைப்பின் மின்னழுத்த வேறுபாடு 12-இலிருந்து 8 போக 4 V. அதை 6 Ω-ஆல் வகுத்தால் 0.67 A, R3-இல் 1.33 A, இரண்டும் சேர்ந்து 2 A. கேட்கப் போகும் முன்பே இதைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். அவர் தலையாட்டியதும் அடைப்பையும் கேள்விக்குறியையும் எடுத்துவிடலாம்.